கடைசிப் பக்கத்துல இருந்த எடைகள்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. எங்க கெமிஸ்ட்ரி சார் இந்த மே மாசத்தோட ஓய்வு பெறுகிறார். நேர்ல போய் "ரொம்ப நன்றி சார்"னு சொல்லலாம்தான். ஆனா அவரைத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், நாம வாயைத் திறக்கிறதுக்குள்ள "அதெல்லாம் இருக்கட்டும், ப்ராஜெக்ட் என்னாச்சு?"ன்னு பேச்சை மாத்திடுவார். ரெண்டு தடவை முயற்சி பண்ணி ரெண்டு தடவையும் தோத்தேன். அதனால இங்க எழுதி வைக்கிறேன். எங்க செட்டுல யாராவது அவருக்குப் படிச்சுக் காட்டுவாங்கன்னு நம்பிக்கை. (டேய், காட்டுங்கடா.)

என் பி.எஸ்சி மூணாம் வருஷம், 2023 ஜூன்ல இருந்து 2024 ஏப்ரல் வரைக்கும். வகுப்புல என்கூட இருந்தவங்களுக்கே அந்த வருஷம் எங்க வீட்டுல என்ன நடந்துச்சுன்னு முழுசாத் தெரியாது. நான் சொல்லல. சொன்னா எல்லாரும் ஒரு மாதிரி பார்ப்பாங்கன்னு ஒரு கூச்சம். "லேட்டா வர்றவன்"னு பேர் எடுத்தது அதை விடப் பரவாயில்லைன்னு அப்போ தோணுச்சு.

அப்பா சிவகாசியில ஒரு பிரஸ்ல கட்டிங் மெஷின்ல வேலை பார்த்தார். சர்க்கரை பத்து வருஷமா இருந்துச்சு. கால் வீங்குறதை நின்னுக்கிட்டே வேலை பார்க்கிறதால வர்றதுன்னு நினைச்சு விட்டுட்டோம். 2023 ஜூன்ல ஒரு ராத்திரி மூச்சு விட முடியாம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனப்பதான் ரெண்டு கிட்னியும் போயிடுச்சுன்னு சொன்னாங்க. பத்து நாள் வார்டு. அப்புறம் வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ், செவ்வாயும் வெள்ளியும், காலை ஏழு மணிக்கு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல அரசு ஆஸ்பத்திரியில காசு கிடையாது. பெரிய உதவி அது. ஆனா கூட ஒரு ஆள் போகணுமே? அம்மா பைண்டிங் வேலைக்குப் போறாங்க. அப்பா சம்பளம் நின்ன பிறகு அது மட்டும்தான் வருமானம், போகாத நாளுக்குக் கூலி கிடையாது. தம்பி பத்தாவது. ஆக, நான்.

டயாலிசிஸ் பத்தித் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம், ஏன்னா கதையே இதுல தான் இருக்கு. கிட்னி வேலை செய்யலைன்னா குடிக்கிற தண்ணி வெளியே போகாது. உடம்புலயே தங்கும். ஒரு லிட்டர் தங்குச்சுன்னா எடை ஒரு கிலோ ஏறும், அவ்வளவு நேரடியான கணக்கு. அதனால ஒவ்வொரு தடவையும் மெஷின்ல போடறதுக்கு முன்னாடி எடை பார்ப்பாங்க, முடிஞ்ச பிறகு எடை பார்ப்பாங்க. அதிகப்படித் தண்ணி எதுவும் இல்லாம இருக்கிற எடைக்கு 'ட்ரை வெயிட்'னு பேர். அப்பாவுக்கு 55 கிலோ. வர்றப்போ 57.5 இருந்தா, ரெண்டரை லிட்டரை நாலு மணி நேரத்துல மெஷின் இழுக்கணும். குறைச்சு எடுத்தா ராத்திரி மூச்சு வாங்கும். கூடுதலா எடுத்தா பிபி விழுந்து கால் நரம்பெல்லாம் சுண்டி இழுக்கும், மனுஷன் கத்துவார். அதனால அந்த எண் முக்கியம்.

நர்ஸ் அக்கா "தம்பி, நீயும் ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கோ"ன்னாங்க. கையில இருந்தது கெமிஸ்ட்ரி அப்சர்வேஷன் நோட். அதோட கடைசிப் பக்கத்துல எழுத ஆரம்பிச்சேன். தேதி, முன், பின். அவ்வளவுதான். என்ன எடை, யார் எடைன்னு எல்லாம் எழுதல.

ஆகஸ்ட் மாசம் ஒரு நாள் சார் அந்த நோட்டைத் திருத்த வாங்கினார். மூணாம் வருஷம் கிராவிமெட்ரி. ஒரு கரைசல்ல எவ்வளவு உலோகம் இருக்குன்னு அதை வீழ்படிவாக்கி, வடிகட்டி, காய வச்சு, எடை போட்டுக் கண்டுபிடிக்கிற வேலை. அதனால எல்லார் நோட்டுலயும் எடைகள்தான் வரிசையா இருக்கும். நோட்டைப் புரட்டினவர் கடைசிப் பக்கத்துல நின்னுட்டார்.

"இது என்னப்பா ரீடிங்? ஒரே ஒரு தசமம்தான் இருக்கு?"

நான் முழிச்சேன். "அது... கிலோ சார்."

அவர் ஒண்ணும் சொல்லல. விரலை வச்சு மேல இருந்து கீழ வரைக்கும் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "செவ்வாய்க்கிழமை மட்டும் ஏன் கூடுது?"

நிஜமாவே கூடத்தான் செய்யும். செவ்வாய்ல இருந்து வெள்ளிக்கு மூணு நாள். வெள்ளியில இருந்து செவ்வாய்க்கு நாலு நாள். அந்த ஒரு நாள் கூடுதலாத் தேங்குற தண்ணி, அரைக் கிலோவோ முக்கால் கிலோவோ, ஒவ்வொரு செவ்வாயும் ஏறி நிக்கும். நான் ரெண்டு மாசமா எழுதுறேன், எனக்கு அது தோணவே இல்ல. அவர் அரை நிமிஷத்துல பார்த்துட்டார். எண்களைப் பார்த்துப் பழகின கண்ணு. நான் பதில் சொல்றதுக்குள்ள எனக்கு தொண்டை அடைச்சுக்கிச்சு. "வெள்ளிக்கு அப்புறம் நாலு நாள் சார், எங்கப்பாவுக்கு..."ன்னு பாதியில நிறுத்திட்டேன்.

"சரி"ன்னு மட்டும் சொல்லி நோட்டை மூடிக் கையில குடுத்தார். அவ்வளவுதான். எந்த ஆஸ்பத்திரி, எப்போ இருந்து, ஏன் முதல்லயே சொல்லல, எதுவும் கேக்கல. நான்கூட உள்ளுக்குள்ள கொஞ்சம் வருத்தப்பட்டேன், என்ன மனுஷன் இவர்னு.

அடுத்த வாரம் லேப்ல எல்லார் முன்னாடியும் அறிவிச்சார். "ஏ பேட்ச்ல இருபத்தொரு பேர், பி பேட்ச்ல பத்தொன்பது. இருக்கிறது ரெண்டு பேலன்ஸ். சமமா இருக்கட்டும். நீ பி பேட்ச்சுக்கு மாறிக்கோ." கை காட்டினது என்னை. ஏ பேட்ச் செவ்வாய் முழு நாள். பி பேட்ச் வியாழன். செவ்வாய் காலையில எனக்கு ஆஸ்பத்திரி. மதியம் ஒண்ணரைக்கு ஓடி வந்தா, மத்தவங்க எல்லாம் வடிகட்டி முடிச்சிருப்பாங்க, நான் பீக்கரைக் கழுவிக்கிட்டிருப்பேன். ஒரு எஸ்டிமேஷனும் முழுசா முடிஞ்சதில்ல. வியாழனுக்கு மாறினதும் அது தீர்ந்துச்சு. எனக்கு அப்போ என்ன தோணுச்சு தெரியுமா? "அப்பாடா, அதிர்ஷ்டம்"னு. சத்தியமா வேற எதுவும் தோணல.

வெள்ளிக்கிழமைக் கதை இன்னும் அருமை. வெள்ளி காலை முதல் ரெண்டு மணி நேரம் எங்களுக்கு வேற மேடம் வகுப்பு. திடீர்னு டைம்டேபிள் மாறி அந்த ரெண்டும் சாருக்கு வந்துச்சு. அப்புறம் சார், "போர்ஷன் முடியல, வெள்ளி மூணரைக்கு மேல ஸ்பெஷல் கிளாஸ்"னு போட்டார். எல்லாரும் திட்டினோம். (நானும் திட்டினேன். மன்னிச்சுக்கோங்க சார்.) வெள்ளி சாயங்காலம் யார் உக்காருவா? ஆறு ஏழு பேர் தான் இருப்போம். காலையில நடத்தின பாடத்தையே அவர் சாயங்காலம் வேற மாதிரி திரும்ப நடத்துவார். காலையில இருந்தவனுங்க "சார், இது காலையிலயே பார்த்தாச்சு"ன்னு சொன்னா, "திரும்பப் பார்த்தா தேய்ஞ்சா போயிரும்?"னு ஒரு பார்வை.

அந்த செமஸ்டர் முடிவுல அட்டெண்டன்ஸ் லிஸ்ட் ஒட்டினாங்க. எங்க பல்கலைக்கழகத்துல பரீட்சை எழுத 75 சதவீதம் வேணும். அதுக்குக் கீழ போனா அபராதமும் கட்டணும், மருத்துவச் சான்றும் குடுக்கணும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லைங்கிறது நம்ம கணக்குல வராது, நமக்கே நோய் வந்திருக்கணும். நான் ஏற்கனவே மனசுக்குள்ள கணக்குப் போட்டு வச்சிருந்தேன். தொண்ணூறு வேலை நாள். ஆரம்பத்துல வார்டுல பத்து நாள். அப்புறம் பதினாறு வாரம், வாரத்துக்கு ரெண்டு அரை நாள், அது ஒரு பதினாறு நாள். மொத்தம் இருபத்தாறு போனா மிச்சம் அறுபத்து நாலு. 71 சதவீதம். பரீட்சை இல்லைன்னா அப்பா வேலை பார்த்த பிரஸ்லயே கேட்டுப் பார்க்கலாம்னு முதலாளிகிட்ட பேசக்கூட போயிருந்தேன். லிஸ்ட்ல பார்த்தா 78. வெள்ளி சாயங்கால வகுப்பு பதிமூணையும் ஈடு செய்யும் வகுப்புன்னு முதல்வர்கிட்ட முன்னாடியே எழுதி வாங்கி, வந்தவங்க எல்லாருக்கும் அரை நாள் கணக்குல சேர்த்திருந்தார். ஒண்ணைச் சொல்லணும், அவர் பொய்யா ஒரு பிரசண்ட் கூட போடல. நான் உண்மையிலேயே உக்காந்து படிச்ச நேரம் தான் அதுல இருந்துச்சு.

இப்போ நிக்கல் கதைக்கு வர்றேன். கெமிஸ்ட்ரி பிடிக்காதவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க, சுருக்கமாத்தான் சொல்வேன்.

செப்டம்பர் கடைசி, ஒரு வியாழக்கிழமை. நிக்கல் எஸ்டிமேஷன். கொடுத்த கரைசலை நூறு மில்லியா ஆக்கி, இருபது மில்லி பிப்பெட்ல எடுத்து, லேசா அமிலம் சேர்த்துச் சூடு பண்ணி, டைமெத்தில் கிளையாக்சைம்ங்கிற ரீஏஜென்ட்டை ஊத்தி, அப்புறம் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டா விடணும். லேசா அம்மோனியா வாசனை வர்ற வரைக்கும். சிவப்பா, குங்குமம் கரைச்ச மாதிரி ஒரு வீழ்படிவு திரளும். பார்க்க ரொம்ப அழகு. ஆனா தொந்தரவு பிடிச்ச வஸ்து. லேசானது, பொசபொசன்னு இருக்கும், பீக்கர் சுவர்ல ஊர்ந்து மேல ஏறும். அதை வாட்டர் பாத்துல அரை மணி நேரம் வச்சு, சின்டர்டு குரூசிபிள்ல வடிகட்டி, குளோரைடு போற வரைக்கும் கழுவி, 110ல இருந்து 120 டிகிரி ஓவன்ல காய வைக்கணும். அப்புறம் டெசிகேட்டர்ல ஆற வச்சு எடை. எடை மாறாம நிக்கிற வரைக்கும் திரும்பத் திரும்ப சூடு, ஆறு, எடை. இதைத்தான் 'கான்ஸ்டன்ட் வெயிட்'னு சொல்லுவோம்.

அன்னிக்கு எனக்கு அவசரம். மறுநாள் வெள்ளி, அதிகாலை அஞ்சரை பஸ். முந்தின ராத்திரி அப்பாவுக்கு மூச்சு வாங்கித் தூக்கமே இல்ல. ஓவன்ல வச்ச இருபதாவது நிமிஷமே குரூசிபிளை எடுத்து, ஆறியும் ஆறாம எடை போட்டேன். வீழ்படிவு 0.1968 கிராம். அதை 0.2032ஆல பெருக்கி (அந்தச் சிவப்புப் பொடியில நிக்கல் பங்கு அவ்வளவு), அஞ்சால பெருக்கினா, மொத்தக் கரைசல்ல நிக்கல் 0.200 கிராம்! இவ்வளவு அழகா ஒரு விடை வந்தா யார்தான் சந்தேகப்படுவா? சார் வேணும்னே உருண்டையான எண்ணா வச்சிருக்கார்னு நினைச்சு, சந்தோஷமா நோட்டை நீட்டினேன்.

சார் விடையைப் பார்க்கவே இல்ல. மேல இருந்த எடையைப் பார்த்தார். "ஒரே ஒரு தடவை எழுதியிருக்க. மாறலைன்னு எப்படித் தெரியும்?"

"விடை சரியா வருது சார்."

"விடை வருது. எடை நின்னுச்சா?"

மத்தவங்க கிளம்பிட்டாங்க. அவர் ஓவனைத் திரும்பப் போடச் சொன்னார். ஒரு கட்டு பரீட்சைத் தாளை எடுத்துக்கிட்டு அவரும் பக்கத்துல உக்காந்துட்டார். அட்டெண்டர் அண்ணன் எங்கேயோ போய் ரெண்டு டீயும் ரெண்டு பன்னும் வாங்கிட்டு வந்தார். ரெண்டு பன்னும் என் பக்கம்தான் வந்துச்சு. "எனக்கு சுகர்ப்பா"ன்னு சொல்லிட்டார் சார். (பின்னால ஒரு விழாவுல அவர் ஜிலேபி சாப்பிட்டதைப் பார்த்தேன். மூணு!)

ரெண்டாவது எடை 0.1871. மூணாவது 0.1843. நாலாவது 0.1842. நின்னுடுச்சு. முதல் எடையில இருந்த மிச்சமெல்லாம் போகாத ஈரம். சரியான விடை 0.1871 கிராம் நிக்கல். என் உருண்டை விடை ஏறக்குறைய ஏழு சதவீதம் தப்பு. எங்க பரீட்சையில ரெண்டு சதவீதத்துக்குள்ள இருந்தாத்தான் முழு மார்க்.

இதுல ஒவ்வொரு தடவையும் குரூசிபிள் ஆற இருபது நிமிஷம் காத்திருக்கணும். சூடா வச்சா அதைச் சுத்தியிருக்கிற காத்து சூடாகி மேல எழும்பும், பேலன்ஸ் எண் நிக்காம ஓடும், எடையும் குறைச்சுக் காட்டும். அதனால வேற வழியில்ல, உக்காந்துதான் ஆகணும். அந்த இருபது நிமிஷங்கள்லதான் சார் முதல் தடவையா அப்பாவைப் பத்திக் கேட்டார். அதுவும் எப்படி?

"எடை போடறப்போ அப்பா செருப்பு போட்டிருப்பாரா?"

நான் யோசிச்சேன். சில நாள் போட்டிருப்பார், சில நாள் இருக்காது. வர்றப்போ சட்டைப் பையில போன், இடுப்புல சாவிக்கொத்து, சில்லறை. டயாலிசிஸ் முடிஞ்சு எடை போடறப்போ எல்லாத்தையும் நான் கையில வச்சிருப்பேன்.

"அப்போ போகும்போது அரைக் கிலோ கூட, வரும்போது அரைக் கிலோ குறைய. அந்த அரைக் கிலோ தண்ணி இல்லையே. மெஷின்ல அதையும் சேர்த்து எடுக்கச் சொல்லிருவாங்கல்ல?"

நான் வாயடைச்சுப் போயிட்டேன். அவர் தாளைத் திருத்திக்கிட்டே சொன்னார். ஒரே தராசு. ஒரே மாதிரி உடுப்பு. செருப்பு வேண்டாம், பை காலி. தராசுல ஏறுறதுக்கு முன்னாடி அது பூஜ்யம் காட்டுதான்னு பாரு. மருந்துக் கடைத் தராசுல பார்த்ததையும் ஆஸ்பத்திரித் தராசுல பார்த்ததையும் ஒரே வரிசையில எழுதாத. "குரூசிபிளுக்கு என்ன பண்றியோ அதேதான்."

மறுநாள் வெள்ளி. செருப்பு, போன், சாவி, சில்லறை எல்லாத்தையும் எடுத்துட்டு நிக்க வச்சேன். அப்பா "என்னடா சோதனை போடுற, போலீஸ் மாதிரி"ன்னார். நர்ஸ் அக்காகிட்ட விஷயத்தைச் சொன்னேன். அவங்க சிரிச்சுட்டு, "இதைத்தான் எல்லாருக்கும் தினம் கத்துறேன், கேக்கிறது யாரு"ன்னாங்க. அன்னிக்கு அப்பாவுக்குக் கால் இழுக்கல. அதுக்கு அப்புறமும் இழுத்த நாள் உண்டு, இல்லைன்னு சொல்லல. வாரம் ஒரு தடவை வந்தது மாசம் ஒரு தடவைன்னு ஆச்சு.

அவர் ஆறுதலா ஒரு வார்த்தை சொன்னதா ஞாபகம் இல்ல. "தைரியமா இரு", "எல்லாம் சரியாயிடும்" இதெல்லாம் அவர் வாயில வரவே வராது. அந்த வருஷம் அதைச் சொல்ல நிறைய பேர் இருந்தாங்க. செருப்பைக் கழட்டச் சொல்ல ஒரே ஒருத்தர்தான் இருந்தார்.

நவம்பர்ல பணக் கஷ்டம் முத்துச்சு. ஊசி, மருந்துன்னு வெளியே வாங்குறது, பஸ் செலவு, தம்பிக்கு டியூஷன். ஆறாவது செமஸ்டர் பரீட்சைக் கட்டணம் வேற வரப்போகுது. நான் யார்கிட்டயும் கேக்கல. ஒரு நாள் சார் கூப்பிட்டு, "சனிக்கிழமை ஃப்ரீயா? முதல் வருஷத்துக்கு சொல்யூஷன் தயார் பண்ண ஆள் வேணும். டிபார்ட்மென்ட்ல இதுக்குன்னு ஒரு தொகை இருக்கு, சும்மா வேண்டாம், வவுச்சர்ல கையெழுத்துப் போட்டு வாங்கிக்கலாம்"னார்.

எட்டு சனிக்கிழமை போனேன். நிஜமான வேலைதான், ஏமாத்து இல்ல. டைக்ரோமேட் 4.9 கிராம் நிறுத்து ஒரு லிட்டராக்குவேன். பெர்மாங்கனேட்டை அப்படி நேரா நிறுத்துப் போட முடியாது. சுத்தமா கிடைக்காது, தண்ணியில இருக்கிற தூசியோடயே கொஞ்சம் கெட்டுப் போகும். கொதிக்க வச்சு, ஆற வச்சு, கண்ணாடிப் பஞ்சுல வடிகட்டி, அப்புறம் ஆக்சாலிக் அமிலத்தோட டைட்ரேட் பண்ணித்தான் அதோட வலிமையைத் தெரிஞ்சுக்கணும். எட்டு வாரத்துல எனக்கு அதெல்லாம் கை வேலையாயிடுச்சு. ஒவ்வொரு வாரமும் ஒரு கவர்ல முந்நூறு ரூபா. ஒரு அச்சடிச்ச வவுச்சர், அதுல தொகை, விவரம், என் கையெழுத்து. மொத்தம் 2400. பரீட்சைக் கட்டணம் போக மிச்சத்துல தம்பிக்கு ஒரு சட்டை எடுத்தேன். நான் உழைச்ச காசுன்னு அவ்வளவு நிமிர்வா இருந்துச்சு.

ஏப்ரல் 2024ல யூனிவர்சிட்டி பிராக்டிகல். ஏ பேட்ச்சுக்கு செவ்வாய், பி பேட்ச்சுக்கு புதன். எனக்கு வந்த சீட்டைப் பிரிச்சுப் பார்த்தா, நிக்கல்! அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டா விட்டேன். கழுவின தண்ணியில சில்வர் நைட்ரேட் போட்டு, கலங்கலையான்னு ரெண்டு தடவை பார்த்தேன். மூணாவது எடையும் நாலாவது எடையும் அப்படியே நின்னுச்சு. விடை உருண்டையா இல்ல, அசிங்கமான நாலு தசமம். வெளியில இருந்து வந்திருந்த எக்ஸாமினர் அதைப் பார்த்துட்டுத் தலையாட்டினார். சார் அந்தப் பக்கம் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு நின்னார்.

இதெல்லாம் எனக்காகச் செஞ்சதுன்னு நான் எப்போ கண்டுபிடிச்சேன்? அந்த ஜூலையில. டிசி வாங்கப் போயிருந்தேன். சார் லீவு. அட்டெண்டர் அண்ணன் லேப்ல பழைய சாமானை ஒழிச்சுக்கிட்டிருந்தார். பேச்சுவாக்குல, "அண்ணே, இந்த வருஷம் சனிக்கிழமை சொல்யூஷன் போட யார் வர்றா? அந்தத் தொகை இன்னும் இருக்குல்ல?"ன்னு கேட்டேன். எங்க ஜூனியர் ஒருத்தனுக்குக் கேட்டு வைக்கலாம்னு.

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "என்ன தொகை? இந்த டிபார்ட்மென்ட்ல அப்படி எந்தத் தொகையும் கிடையாது தம்பி. சொல்யூஷன் எப்பவும் நான்தான் போடுவேன்."

"வவுச்சர்ல கையெழுத்துப் போட்டேனே அண்ணே?"

"அந்த வவுச்சர் புக்கு சார் கடையில வாங்கினது. நீ கையெழுத்துப் போட்டதெல்லாம் அவர் டிராயர்லதான் கிடக்கு. ஆபீசுக்குப் போனதே இல்ல."

கடையில போய் ஒரு வவுச்சர் புக் வாங்கியிருக்கார். நான் கூச்சப்படக் கூடாதுன்னு. அதை நினைச்சா எனக்கு இப்பவும் என்னமோ பண்ணுது. பணத்தை எப்படியோ திருப்பிக் குடுத்துடலாம். அந்த வவுச்சர் புக்கை என்ன பண்றது?

அண்ணன் அதோட விடல. பேட்ச் மாத்தினதுக்கு எச்ஓடி கேள்வி கேட்டது, வெள்ளி காலை வகுப்பை வாங்கிக்கிறதுக்காக சார் அந்த மேடமோட சனிக்கிழமை டியூட்டியைத் தான் எடுத்துக்கிட்டது, எல்லாம் அப்போதான் வந்துச்சு. "நீ எப்படியும் கேப்பேன்னு தெரியும், சொல்லாதேன்னார். நான் சொல்லிட்டேன். நீ அவர்கிட்ட சொல்லாத"ன்னார் அண்ணன். இப்போ எழுதி மாட்டி விட்டாச்சு, மன்னிக்கணும் அண்ணே :-)

சார், நான் இப்போ எம்.எஸ்சி ரெண்டாம் வருஷம். ப்ராஜெக்ட் நல்லாப் போகுது, நீங்க கேக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன். தம்பி பன்னிரண்டாவது முடிச்சுட்டான், டிப்ளமோ சேர்ந்திருக்கான். செவ்வாய் வெள்ளிக்கு இப்போ அவன்தான் போறான். நோட்டு அதேதான், நீங்க திருத்தின அப்சர்வேஷன் நோட். கடைசிப் பக்கம் நிரம்பி, பின்னால இருந்து முன்னால வந்துக்கிட்டே இருக்கு. பேரியம் குரோமேட் வரைக்கும் வந்தாச்சு. இன்னும் கொஞ்ச நாள்ல உங்க சிவப்பு மை கையெழுத்து இருக்கிற நிக்கல் பக்கத்துக்கு வந்துடும். அந்தப் பக்கத்துல மட்டும் எழுதாம தாண்டிப் போகச் சொல்லியிருக்கேன்.

வவுச்சர் எட்டும் இன்னும் டிராயர்ல இருந்தா, ரூமைக் காலி பண்றப்போ தூக்கிப் போட்டுடாதீங்க. எனக்கு வேணும்.

ரொம்ப நன்றி சார்.

போன வெள்ளிக்கிழமை: முன் 57.1, பின் 55.0. செருப்பு இல்ல, பை காலி.